பெட்டி காத்திருக்காது

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அக்கா ஒரு பழைய பக்திப் பாட்டுக்குத் தானே போட்ட மெட்டை என் போனில் பாடிப் பதிந்தாள்.

"குரல்வளையையே எடுத்துடுவாங்களாம்டா. ஊர்ப் பஜனைக் குழு இதைப் பாடணும். ஆனா இந்தக் கரகரப்பை யாருக்கும் அனுப்பிடாதே. மெட்டை மட்டும் எழுதி அனுப்பு, அப்புறம் இதை அழிச்சிடு."

கம்ப்யூட்டரில் இசை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். கேட்டுக் கேட்டுக் கீபோர்டில் வாசித்து ஏற்றினேன். அக்கா தாளத்துக்குள் அடங்காமல் இழுத்து, தயங்கி, வழுக்கி இறங்கிப் பாடியிருந்தாள். திரையில் அது கோழி கிளறிய குப்பையாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் தாளத்துக்குள் இழுத்து நிறுத்தும் குவான்டைஸ் பொத்தானை அழுத்தினேன். சுரங்கள் ஓடிப்போய் அவரவர் கட்டத்தில் நின்றன. ஒவ்வொரு வழுக்கலும் இரண்டு தனிச் சுரமானது. பளிச்சென்று இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன்; என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கீபோர்டு தானே வாசிக்கிற மிடி ஃபைலாக்கிப் பென் டிரைவில் அனுப்பினேன். சொன்ன சொல் தவறாமல் குரல் பதிவையும் அழித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். பஜனைக் கூடத்தில் குழுத் தலைவரான டெய்லர் பென் டிரைவைக் கீபோர்டில் சொருக, பெட்டி தானாகவே வாசித்தது. பத்துப் பெண்கள் கூடவே பாடினார்கள். துளி பிசகில்லை. அக்காவின் இழுப்பும் தயக்கமும்தான் எங்குமே இல்லை.

"அண்ணே, அங்கங்க கொஞ்சம் தயங்கணும்."

"தயங்கினா பெட்டி காத்திருக்காது தம்பி. அது பாட்டுக்குப் போயிடுது."

"அப்ப அதை நிறுத்திட்டுப் பாடுங்க."

நிறுத்தினார்கள். அப்போதும் அதே மாதிரிதான் பாடினார்கள்.

"எங்களுக்கு இப்படித்தானே வந்துச்சு? சரி, நீயே பாடிக் காட்டு," என்றார் டெய்லர்.

வாயைத் திறந்தேன். ஃபைலில் இருந்ததுதான் வந்தது. மூன்று தடவை முயன்றேன். ஒரு மாதமாக அதையே ஓட்டி ஓட்டிக் கேட்ட காதில் அக்கா இல்லை. அவர்கள் முன்னால் அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, கையில் சிலேட்டோடு அக்கா வந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டி முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் எழுதித் தூக்கிக் காட்டினாள்.

'அதே பாட்டுக்கு வேற மெட்டா? நல்லா இருக்கு. யாரு போட்டது?'

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லர் வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"நான்தான்க்கா."

அவள் என் தலையைத் தடவினாள். பிறகு புடவைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்து, நிதானமாக எழுதினாள்.

'என்னோடதை எப்போ பாடுவாங்க?'