அறுபதும் அறுபத்தெட்டும்

தொண்ணூறு மீட்டர் ஆழம் போயும் வெறும் பாறைத்தூள்தான் வந்தது. சாம்பல் நிறத் தூள் எல்லார் தலையிலும் மாவு போல உட்கார்ந்திருந்தது. துளை போடும் மேஸ்திரி எஞ்சினை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்த துண்டாலேயே கையையும் துடைத்துக்கொண்டார்.

"மேடம், ஒரு சொட்டு இல்ல" என்றார்.

அந்த மேடம் நிலத்தடி நீர் அலுவலகத்தின் ஜியாலஜிஸ்ட். இருபத்தாறு வருஷமாகக் காட்டிலும் மேட்டிலும் நடந்து, இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று சொல்லிச் சம்பளம் வாங்குபவள். நல்ல உயரம். நீளக்கால். அலுவலகத்தில் அவளுக்கு 'கொக்கு' என்று பட்டப்பெயர், அது அவளுக்கும் தெரியும். வயது ஐம்பத்துமூன்று. வலது முழங்காலில் பட்டை கட்டியிருப்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது, கால்சட்டை மறைத்துவிடும்.

வயலின் ஓரத்தில் இரண்டு அறை கொண்ட பிரசவ மருத்துவமனை. அங்கே குழாயில் தண்ணீர் நின்று நாலு மாதம் ஆகிறது. நர்சம்மா முக்கால் கிலோமீட்டர் போய்க் குடத்தில் கொண்டுவருகிறாள். பிரசவம் பார்த்த கையைக் கழுவ வேண்டுமென்றாலும் அந்தக் குடம்தான். இப்போது அவள் வாசலில் நின்று துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு சாயந்திரம் வண்டி அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார் மேஸ்திரி. "இன்னொரு குழி போடலாம், ஆனா எங்கன்னு நீங்க காரணத்தோட எழுதிக் குடுக்கணும். சும்மா அங்க இங்கன்னு போட முடியாது. மேல கேப்பாங்க."

"நீங்க அளந்தது சரிதானா?"

"டேப்பு போட்டு அளந்தேன் மேடம். பாலத்துச் சுவர்ல ஆரம்பிச்சு, அந்த செல்போன் கோபுரத்தைப் பாத்து நேரா ஐநூத்தி இருபது மீட்டர். உங்க ரிப்போர்ட்ல இருக்கறபடி."

அவள் நோட்டைப் பிரித்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால், வழக்கம்போலத் தனியாக வந்து, டேப் இல்லாமல் அடிக்கணக்கிலேயே இந்தக் கோட்டில் நடந்தாள். கையில் ஒரு கருவி. அடியில் பாறை விரிசல் விட்டிருந்தால் அதன் முள் சாயும். பத்து எண்ணிக்கைக்கு ஒருமுறை நின்று முள்ளைப் படித்து எழுதியிருந்தாள். வலது கால் தரையில் படும்போதெல்லாம் ஒன்று என்று கணக்கு. நூறு ஆனால் இடது பையிலிருந்து ஒரு கூழாங்கல் வலது பைக்குப் போகும். முந்நூற்றுப் பன்னிரண்டில், நடந்துகொண்டிருக்கும்போதே முள் படுத்தேவிட்டது. அங்கே ஒரு குச்சி ஊன்றினாள். நிலத்துக்காரர் அடுத்த வாரமே மறுபடி உழுது குச்சியையும் சேர்த்துப் புரட்டிவிட்டார். கருவி இப்போது வேறு குழுவோடு மலைக்கு அப்பால் போயிருந்தது. மிச்சம் இருந்தது நோட்டில் உள்ள எண்ணிக்கைதான்.

நோட்டின் முதல் பக்கத்தில், ஒவ்வொரு புது நோட்டிலும் எழுதுவதுபோல, 'நூறு மீட்டருக்கு அறுபது' என்று எழுதியிருந்தது. வேலையில் சேர்ந்த வருஷம் அளந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டை அறுபதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஐநூற்றிருபது. கணக்கில் தப்பில்லை.

"உங்க அடியைத் திரும்ப ஒரு தரம் அளந்து பாத்துடலாமா?" மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பெண்பிள்ளையிடம் வயது கேட்கிற மாதிரி ஒரு கூச்சம் அவருக்கு.

"தாராளமா" என்றாள்.

மருத்துவமனைக்கு வரும் தார்ச்சாலையில் ஐம்பது மீட்டர் டேப்பை இரண்டுமுறை போட்டு, இரண்டு முனையிலும் செங்கல் வைத்தார்கள். துளை போடும் ஆட்கள் நாலு பேரும் வரப்பில் குந்தி வேடிக்கை பார்த்தார்கள். அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். போகும்போது அறுபத்தொன்று. வரும்போது அறுபது.

"பாத்தீங்களா" என்றாள். முழங்காலில் யாரோ ஊசியை ஏற்றியது போல் இருந்தது. அதை அவள் முகத்தில் விடவில்லை.

மேஸ்திரி தலையை ஆட்டினார். "அப்ப பூமிதான் ஏமாத்திடுச்சு."

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழுந்தாள். அவள் புருஷன் தையல்காரர். முன்னறையில் மிஷின், பின்னறையில் வாழ்க்கை. அவர் மிஷினை நிறுத்தாமலே, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லங்க."

மிஷின் நின்றது. அவர் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, பட்டையை அவிழ்த்து ஒத்தடம் கொடுத்தார். முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அறுபத்தொன்று, அறுபது என்றபோது அவர் கை நின்றது.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சொன்னா கோவிச்சுப்ப."

"சொல்லுங்க. இதுக்கு மேல என்ன கோவம்."

"யாராவது பாத்தா உனக்கு ஒரு நடை, பாக்காட்டி ஒரு நடை. கல்யாண வீட்டுக்குப் போனா வாசல் வரைக்கும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வருவ. வாசல் வந்ததும் என்னை விட்டுட்டு விறுவிறுன்னு நீ உள்ள போயிடுவ."

அவளுக்குச் சுருக்கென்றது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே நூறு தரம் சொன்ன பாடம் அது. அடியை அளக்கும்போது அழகாக நடக்காதே, வேலை செய்யும் தரையில், வேலைக்கான சுமையோடு, வேலையில் நடக்கிற மாதிரியே நட. ஊருக்கெல்லாம் சொன்னாள், தன் காலுக்குச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"முட்டியைப் பத்தி ஆபீஸ்ல தெரிஞ்சா மேஜையில உக்கார வெச்சிடுவாங்க" என்றாள்.

"உக்கார வெச்சா என்ன?"

"உக்காந்தா நான் செத்துப்போயிடுவேங்க."

அவர் துணியைப் பிழிந்தார். "அந்த நர்சம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் வயலில் இருந்தாள். ஆட்கள் குழாய்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் டேப்பைக் கேட்டாள். உழுத மண்ணில் நூறு மீட்டர் அளந்து இரண்டு குச்சி ஊன்றினாள். கருவியின் எடைக்கு ஈடாகப் பையில் இரண்டு செங்கல். போன மாதம் போட்டிருந்த அதே பூட்ஸ். ஆனால் உடனே எண்ண ஆரம்பிக்கவில்லை. இந்தக் கோடு அன்றைக்கு அவள் நடந்த ஐந்தாவது கோடு, அதற்குள் கால் சோர்ந்திருந்தது. அதனால் முதலில் வயலைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நடந்தாள். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒருவன் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

முழங்கால் தன் புத்தியைக் காட்ட ஆரம்பித்ததும் குச்சியிடம் வந்தாள். பட்டையை மறைக்கவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியே விட்டிருந்தாள். வலி எப்படி இழுத்ததோ அப்படியே நடந்தாள். வலது கால் மண்ணில் பட்டுப் பட்டு எண்ணிக்கை ஏறியது. அறுபதில் குச்சி வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இன்னும் இருந்தது. அறுபதில் குச்சி தூரத்தில் நின்றது. அறுபத்தேழில்தான் வந்தது.

திரும்பி வந்தாள், அறுபத்தொன்பது. மறுபடி போனாள், அறுபத்தெட்டு. மறுபடி வந்தாள், அறுபத்தெட்டு.

வரப்பில் உட்கார்ந்து நோட்டில் வகுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு, வகுத்தல் அறுபத்தெட்டு. நானூற்று ஐம்பத்தொன்பது மீட்டர். விரிசல் பத்து மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அதை அறுபத்தொரு மீட்டர் தாண்டிப் போய்த் துளை போட்டிருக்கிறார்கள்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். முழங்காலைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"பூமி ஏமாத்தல மேஸ்திரி" என்றாள். "நான்தான் ஏமாத்தினேன். நேத்து ரோட்ல நடந்தது என் நடையே இல்ல. என் அடி குறைஞ்சுபோச்சு. நானூத்தி அம்பத்தொன்பதுல போடுங்க."

"காரணம்னு என்ன எழுதறது? பாறை கோணல்னு எழுதிடட்டுமா? நானும் பாத்தேன்னு கையெழுத்துப் போடறேன்." அந்த மனிதர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

ஒரு கணம் அவளுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. பிறகு படிவத்தை வாங்கித் தானே எழுதினாள். 'அடிக்கணக்கு பழையது. முழங்கால் நோயால் என் நடை குறுகியுள்ளது. பிழை என்னுடையது.' கையெழுத்தும் போட்டாள். அசதியாக இருந்தது.

கழற்றிய குழாய்களை ஆட்கள் முனகிக்கொண்டே மறுபடி மாட்டினார்கள். ஒன்பதரைக்கு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. முப்பது மீட்டரில் தூள். நாற்பதில் தூள். அவள் மருத்துவமனைத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நர்சம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை எங்கிருந்து சுமந்து வந்தாள் என்பது தெரிந்ததால், ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாற்பத்தேழு மீட்டரில் சத்தம் மாறியது. தூள் சேறானது. அப்புறம் தண்ணீரே பீய்ச்சிக்கொண்டு மேலே வந்தது. ஆட்கள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். நர்சம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், கலங்கல் தண்ணீர் என்றுகூடப் பார்க்கவில்லை. குடத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

மேஸ்திரி தலை சொட்டச் சொட்ட வந்தார். "ஜெயிச்சிட்டீங்க மேடம்."

அவள் சிரிக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது. இந்த நோட்டில் அறுபது. போன வருஷ நோட்டிலும் அறுபது. அதற்கு முந்தையதிலும். முழங்கால் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகவில்லையே. காய்ந்துபோன குழிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளே ரிப்போர்ட் எழுதியிருந்தாள், 'இப்பகுதியில் நீர் வாய்ப்பு இல்லை' என்று. அதைப் படித்துவிட்டு வண்டி போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"ஏங்க, தண்ணி வந்துடுச்சு."

"அப்பாடா" என்றார் புருஷன். மிஷின் சத்தம் நின்றது.

"ஒண்ணு கேக்கறேன். யோசிச்சு சரியா சொல்லணும். முன்னெல்லாம் நான்தானே உங்களுக்கு முன்னாடி நடப்பேன்?"

"ஓட்டமும் நடையுமா உன் பின்னாடி வருவேன். மறக்குமா."

"நான் எப்ப இருந்து உங்களுக்குப் பின்னாடி வர ஆரம்பிச்சேன்?"

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பழைய வீட்டை காலி பண்ணினோமே, அந்த வருஷம். நான் முன்னாடி ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தி வெச்சேன். நீ வந்து ஏறினதும் என் கிட்ட பேசவே இல்ல."

"நாலு வருஷம்" என்றாள். "ஏங்க அப்பவே சொல்லல?"

"நீயும் சொல்லலையே" என்றார் அவர்.

அவள் போனை வைத்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நாலு வருஷத்தில் காய்ந்த குழிகளின் ஊர்ப்பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். ஐந்து வந்தது. அன்றைக்கெல்லாம் நூறு மீட்டருக்கு எத்தனை அடி வைத்தாள் என்பதை இனி எந்த டேப்பாலும் அளக்க முடியாது. அறுபதுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் எங்கோ. கருவியைத் தூக்கிக்கொண்டு ஐந்து ஊருக்கும் போய் முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான். அதற்கு முதலில் அலுவலகம் விட வேண்டும். விட்டாலும் இந்தக் கால் விட வேண்டும்.

மேஸ்திரி டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அந்த டேப்பை எனக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.