கெடு கேட்கும் முறை

என் வாக்கின் விலை எழுநூற்று அறுபத்தெட்டு. ரூபாய் இல்லை, புள்ளி. தாராவியில் இருபத்தேழு வருஷம் ஜிப்பும் பக்கிளும் மொத்தமாக விற்று, யார் காசையும் விழுங்காமல் நான் சேர்த்த பெயரை, சிபில் ஸ்கோர் என்று தொள்ளாயிரத்துக்கு எடைபோட்டுச் சொன்ன விலை அது. போன வருஷம் பேங்க் மேனேஜர் அந்த எண்ணைத் திரையில் காட்டினார். ஊருக்குள் என் பெயர் இன்னும் கொஞ்சம் அதிகம் போகுமே என்று நினைத்தேன்.

இந்தப் பிப்ரவரியில் அதே மேனேஜர் அதே திரையைத் திருப்பினார். அறுநூற்று நாற்பத்தொன்று.

நான் போனது கடையின் ஓவர் டிராஃப்டைப் புதுப்பிக்க. ஐந்து லட்சம் இருந்தது, எட்டாக்கிக் கேட்டிருந்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஸ்கூல் பை தைக்கிற பட்டறைக்காரர்கள் மார்ச்சிலேயே ஜிப் வாங்க வந்துவிடுவார்கள். அந்த மூன்று மாதத்து வியாபாரம்தான் மீதி ஒன்பது மாதத்துக்குச் சோறு.

"மன்சூர் பாய், உங்கள் கணக்கு சுத்தம்" என்று மேனேஜர் இந்தியில் சொன்னார். "மகளின் கல்விக்கடனில் நீங்களும் கூட்டுக் கடன்காரர். அதில் மூன்று தவணை பாக்கி. தொண்ணூறு நாள் தாண்டினால் அது வாராக்கடன். அப்புறம் எட்டு என்ன, இருக்கிற ஐந்தையே நான் புதுப்பிக்க முடியாது."

"எத்தனை நாள் ஆச்சு?"

"எழுபத்தொன்பது."

எனக்குத் தெரியாத விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபத்தொன்பது நாளையும் ஓடவிட்டதே நான்தான்.

எங்கள் பஜாரில் கெடு கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தவணை நாளுக்கு முன்னால் போய் அவகாசம் கேட்பவன் மடையன். 'மன்சூருக்குக் கை காய்ந்துவிட்டது' என்ற செய்தி சாயங்காலத்துக்குள் மஸ்ஜித் பந்தர் வரை போய்விடும். அதனால் நாள் தாண்டட்டும். கடன் கொடுத்தவன் கடைக்கு வரட்டும். சாயா வரவழைக்க வேண்டும். அவன் பிள்ளைகளை விசாரிக்க வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவனையே சொல்லவைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவகாசமும் கிடைக்கும், தள்ளுபடியும் கிடைக்கும். எனக்கு ஜிப் சுருள் போடும் முகம்மது ஹனீப்பின் எண்பத்திரண்டாயிரம் ரூபாய் பில்லை இப்படித்தான் எழுபத்தைந்துக்கு முடித்தேன். அவரும் தனக்குச் சரக்கு தருபவரிடம் இப்படித்தான் முடித்திருப்பார்.

என் மகள் பரீஹா செம்பூரில் இன்ஜினியரிங் படித்தாள். அதற்கு மாட்டுங்காவில் வேறொரு பேங்கில் வாங்கியது ஆறு லட்சத்து நாற்பதாயிரம். படிக்கிற காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்கவில்லை. போன ஜூலையில் தவணை ஆரம்பித்தபோது கடன் எட்டு லட்சத்து நாற்பத்தாறாயிரமாக வளர்ந்து நின்றது. மாதம் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. சான்பாடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, சம்பளம் வந்ததும் எனக்கு அனுப்புவாள், நான் கட்டுவேன். ஐந்து தவணை போயிற்று. நவம்பரில் கம்பெனி அவளுடைய பிரிவையே மூடிவிட்டது.

அழுவாள் என்று பார்த்தேன். மறுநாளே ஒரு தாளோடு கடைக்கு வந்தாள்.

"வாப்பா, பேங்க்ல விசாரிச்சிட்டேன். வேலை போச்சுன்னா மொரட்டோரியத்த, அதான் தவணை கட்டாத காலத்த, ஆறு மாசம் நீட்டித் தருவாவளாம். ஸ்கீம்லயே அப்படி இருக்கு. டிசம்பர் அஞ்சாந்தேதிக்கு முன்னால குடுக்கணும். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்."

"வச்சிட்டுப் போம்மா. நான் மாட்டுங்கா பக்கம் போவேன்லா, குடுத்துக்கிடுதேன்."

கொடுக்கவில்லை. ஜிப் சாம்பிள் அட்டைகளுக்கு அடியில், மேசை டிராயரில் வைத்தேன். தவணை நாள் வருமுன்னே 'என் பிள்ளைக்கு வேலை இல்லை' என்று எழுதிக் கொடுப்பதா? பேங்க் தேடி வரட்டும். சாயா வரவழைப்போம். எட்டு லட்சத்தை ஐந்தில் முடிப்போம்.

"குடுத்தாச்சா வாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "ஆச்சு. பெரிய இடம்லா, மெதுவாத்தான் நடக்கும்" என்றேன். வியாபாரத்தில் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

கடன் வாங்கும்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கொடுத்த போன் நம்பர் என்னுடையது. அதனால் பேங்கின் எஸ்.எம்.எஸ்ஸும் போனும் எனக்கே வந்தன. "பாத்துக்கிடுவோம்" என்று வைத்துவிடுவேன். ஒருவரும் கடைக்கு வரவில்லை. மூன்று மாதமாக நான் வாங்கித்தரத் தயாராக இருந்த சாயாவை யாரும் குடிக்க வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எண்பதாவது நாள் பரீஹாவையும் அழைத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். நவம்பரில் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்கப் போகிறோம் என்பது அவள் எண்ணம். கடன் பிரிவில் பாகீரதி என்று ஒரு அம்மாள். நம் தமிழ்தான், ஆனால் மாட்டுங்காத் தமிழ்.

"உக்காருங்கோ. மூணு மாசமா போன் பண்ணிண்டிருக்கேன், ஒரு தடவை வந்து எட்டிப் பாக்கலையே?"

"மேடம், நவம்பர்லயே அப்ளிகேஷன் குடுத்தோமே?" என்றாள் பரீஹா.

"எங்கிட்ட வரலையேம்மா. இரு, பதிவுல பாக்கறேன்."

அந்த அம்மாள் பதிவேட்டில் தேடுவதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "மேடம், அத விடுங்க. ஒரே பேச்சாப் பேசிருவோம். பாக்கி எட்டு லட்சத்துச் சொச்சம். நாலே முக்கால் தாரேன், ஒரே செக். கணக்க மூடிருங்க."

கையில் நாலே முக்கால் லட்சம் இல்லை. விலை பேசுவதற்குக் காசு எதற்கு?

"நாலே முக்காலா?"

"சரி, நீங்க ஒரு வெல சொல்லுங்க."

பாகீரதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், நான் கடை போட்டு உக்காந்திருக்கலை. செட்டில்மெண்ட்ங்கறது கெட்டுப்போன கடனுக்கு. அப்படி முடிச்சா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு ஏறும். முழுசா கட்டினதா ஆகாது. வருஷக்கணக்கா நிக்கும். நாளைக்கு ஒரு வீட்டுக் கடன்னு எங்க போய் நின்னாலும் மொதல்ல அதைத்தான் பாப்பா. உங்களுக்குப் பரவாயில்லை, பாதி வாழ்ந்தாச்சு. கொழந்தைக்கு வயசு இருபத்திமூணு."

கொழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, அந்த அப்ளிகேஷன் எங்க?"

"கடைல."

"கடைல எங்க?"

"டிராயர்ல."

சத்தம் போட்டிருந்தால் பதில் சத்தம் போட்டிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் குரல் ஏறவே இல்லை.

"வேலை போச்சுன்னு எழுதுததுதான வாப்பா கேவலம்? அத நான் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்துட்டேன். அதுக்குக் கீழ பேரு எழுதுததுக்கு உங்களுக்கு என்ன?"

ஒரு விலை கேட்டால் அதற்கு எதிர்விலை சொல்லத் தெரிந்தவன் நான். மேசையில் கிடந்த பாகீரதியின் கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பாகீரதி அம்மாள் பதிவேட்டை மூடினார். "நவம்பர்ல வந்திருந்தா கணக்கு நேரா இருந்திருக்கும், ஸ்கோரும் எறங்கியிருக்காது. போகட்டும். இப்போ மூணு தவணை முப்பத்திரண்டாயிரத்து எண்ணூத்தம்பது, அபராதம் நானூத்தம்பது. மார்ச் அஞ்சுக்கு முன்னாடி கட்டிடுங்கோ. ரெண்டு பேரும் சேந்து மனு கொடுங்கோ. வேலை போன லெட்டர், இப்போ எங்கெல்லாம் வேலை தேடறாங்கற விவரம், எல்லாம் வேணும். நான் ரீஜனல் ஆபீஸுக்கு அனுப்பறேன். ஆறு மாசம் கிடைக்கலாம். கிடைக்கும்னு எழுதித்தர மாட்டேன்."

"கெட்டுப்போன அப்புறம் வந்தா தர மாட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"அப்போ திருத்தி எழுதினா அது ரீஸ்ட்ரக்சர்டு. அதுவும் ரிப்போர்ட்ல தெரியும். இது அப்படி இல்லை, வேலை இல்லாத காலத்துக்குன்னு ஸ்கீம்லயே இருக்கற சலுகை. கடன் முடியறதுக்குள்ள ரெண்டு மூணு தடவைதான் கேக்கலாம். அந்த ஆறு மாசமும் வட்டி ஓடிண்டேதான் இருக்கும், ஞாபகம் வெச்சுக்கோங்கோ. தவணைக் காலத்தையும் பதினஞ்சு வருஷம் வரைக்கும் நீட்டித் தரச் சொல்லலாம். மாசம் கட்டறது கொறையும்; மொத்தம் கூடும்."

"என் ஸ்கோரு?"

"லேட்டானது லேட்டானதுதான். மூணு வருஷம் அந்த மாசமெல்லாம் ரிப்போர்ட்ல தெரியும். இனிமே ஒழுங்காப் போனா மெள்ள ஏறும்."

எழுந்திருக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த நானூத்தம்பதையாவது விடுங்க மேடம்."

"எழுதிக் கேளுங்கோ" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

கேட்டு எழுதினேன். வாயால் கேட்பது ஒரு நொடி. எழுதுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. 'தாழ்மையுடன்' என்ற இடத்தில் பேனா நின்று நின்று போயிற்று. பரீஹா பக்கத்து நாற்காலியில் தன் மனுவை இரண்டாம் முறையாக எழுதி முடித்து, என் பக்கம் தள்ளினாள். அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பாக்கித் தவணையை அங்கேயே என் கணக்கிலிருந்து கட்டினேன்.

மார்ச் மூன்றாம் தேதி ஆறு மாத அவகாசமும் கால நீட்டிப்பும் உத்தரவாகி வந்தன. நானூற்று ஐம்பதைத் தள்ளுபடி செய்யவில்லை. ஓவர் டிராஃப்ட் ஐந்து லட்சத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. "எட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். பணம் குறைகிற சரக்கைக் கடனாகக் கேட்டு ஹனீப்புக்குப் போன் செய்து, "பாய், இந்தத் தடவை பணம் தர எழுபது நாளாவும். இப்பமே சொல்லிட்டேன்" என்றேன்.

"மன்சூரு, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் ஹனீப். சரக்கு தந்தார், விலையில் கூடுதலாகப் பதினோராயிரத்துச் சொச்சம் ஏற்றித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பரீஹா கடைக்கு வந்து, என் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். நான் சரிபார்த்தேன். தப்பு இல்லை.

தவணை ஆரம்பித்தபோது கடன்: 8,46,000.
கட்டிய எட்டுத் தவணை: 87,600.
எட்டும் போக இன்று பாக்கி: 8,11,300.
ஆறு மாத வட்டி: 38,500.
செப்டம்பரில் கடன்: 8,49,800.
அதன்பின் மாதம்: 9,200 சொச்சம், 2040 வரை.

எண்பத்தேழாயிரம் கட்டிய பிறகு, கிளம்பிய இடத்துக்கும் பின்னால் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் தள்ளி நிற்கிறோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

வாப்பாவுக்கு நான் தரவேண்டியது, மூன்று தவணை: 32,850.
அபராதம் 450: வாப்பா கணக்கு.
ஹனீப் மாமா ஏற்றியது: வாப்பா கணக்கு.
வாப்பா எனக்குத் தரவேண்டியது:

அதற்கு நேரே தொகை எழுதவில்லை. எவ்வளவு என்று கேட்டேன்.

"இன்னும் கணக்குப் பாக்கல" என்றாள்.