நாலாவது ஆளின் பயோ

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். அவசரத்தில் கூப்பிட்டால் அது கத்தரிக்கா என்றே காதில் விழும். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கத்தரி பிடித்த கைக்குத்தானே அந்தப் பெயர்.

பிற நிறுவனங்களின் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்கிற சின்ன நிறுவனம் அது. வேலை கேட்டு அனுப்பும் ஒவ்வொரு புரபோசலிலும் 'எங்கள் குழு' என்று ஒரு பக்கம் வரும். யாரைப் போடுவது, யாரை விடுவது, போட்டவரின் பயோவில், அதாவது அறிமுகக் குறிப்பில், எந்த நான்கு வரியைச் சொல்வது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நிபுணர்கள் பக்கம் பக்கமாகத் தங்கள் பெருமையை எழுதி அனுப்புவார்கள். கத்தரியக்கா முதலில் கிளையண்ட் தன் சிக்கலை எந்த வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பாள். அதே சிக்கலை அந்த நிபுணர் முன்பு எங்கே தீர்த்தார் என்று தேடிப் பிடித்து முதல் வரியில் வைப்பாள். பட்டம், பதக்கம், வெளிநாட்டுக் கருத்தரங்கு எல்லாம் குப்பைக்குப் போகும். "படிக்கிறவனுக்குத் தன் தலைவலி தெரியணும், உங்க தலைப்பாகை இல்ல" என்பாள். அவளுக்கு ஒரே ஒரு நியமம் இருந்தது: இருப்பதை எடுக்கலாம், இல்லாததைச் சேர்க்கக் கூடாது. வெட்டிய பயோவை உரியவரிடம் காட்டிச் சம்மதம் வாங்காமல் அனுப்பவும் மாட்டாள்.

அந்த முறை கோரிக்கை அனுப்பியது, கைப்பேசித் திரைக்குக் கண்ணாடித் தகடு செய்கிற பெரிய தொழிற்சாலை. சிக்கலை அவர்களே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். தகடு துடைக்கும் பிரிவில் ஊழியர்களுக்குக் கவனம் இல்லை. தகடுகள் கைதவறி உடைகின்றன. அடிக்கடி லீவு போடுகிறார்கள். வேலையில் ஆர்வம் குறைந்துவிட்டது. ஆர்வத்தைத் தூண்ட ஒரு திட்டம் வேண்டும்.

பயிற்சியாளர் ஒருவர், மனநல ஆலோசகர் ஒருவர், உற்பத்திப் பொறியாளர் ஒருவர் என்று மூன்று பேரை இயக்குநரே சொல்லிவிட்டார். நாலாவது இடம் காலியாக இருந்தது. கத்தரியக்கா 'கைதவறி' என்ற சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கை என்று வந்துவிட்ட பிறகு ஒரு டாக்டர் இருந்தால் கெட்டா போகும்? தொழிலாளர் நோய்களில் தேர்ந்த டாக்டரம்மா ஒருவர் அவர்கள் பட்டியலில் இருந்தார். அவருடைய நீண்ட விவரத்திலிருந்து ஒரு வரியை மேலே தூக்கினாள்: 'செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் பசையின் ஆவியால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களைப் பரிசோதித்து, காரணத்தைக் கண்டறிந்தவர்.'

சம்மதம் கேட்க போன் போட்டபோது டாக்டரம்மா சிக்கலையும் வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "தகட்டை எதுல துடைக்கிறாங்கன்னு போட்டிருக்காங்களா?" என்றார்.

"சீக்கிரம் காயற புது திரவம்னு மட்டும் இருக்கு. தூசி வராம ஹாலை முழுசா அடைச்சு ஏசி போட்டிருக்காங்களாம்."

"மாடிப்படில யாராவது தடுக்கி விழுறாங்களா?"

கத்தரியக்கா பக்கங்களைத் திருப்பினாள். பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பெருமையாகச் சொல்லும் பத்தியில் ஒரு வரி இருந்தது: படிகளில் விழும் சம்பவங்கள் கூடியதால் இரண்டு பக்கமும் கைப்பிடி போடப்பட்டிருக்கிறது.

அவள் அதை வாசித்துக் காட்டினாள். டாக்டரம்மா மூச்சை இழுத்து விடுவது போனில் கேட்டது. "என்னை எடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

புரபோசல் போனது. இரண்டு நிறுவனங்களை இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்ததாகத் தகவல் வந்தது. அதில் இவர்களும் ஒன்று. மறுநாளே தொழிற்சாலையின் பிரிவு மேனேஜர் பேசினார். பஞ்சு மாதிரிக் குரல்.

"எல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்மா. அந்த நாலாவது ஆளு பயோ மட்டும் கொஞ்சம் இடிக்குது. நாங்க கேட்டது ஆர்வத்தைப் பத்தி. நரம்பு, ஆவின்னு பார்த்தா மேல இருக்கிறவங்க மிரளுறாங்க. அந்த ஒரு வரியை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்களேன்."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் கிளையண்ட்கள் வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆளை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையான ஒரு வரியைக் கண்டு யாரும் மிரண்டதில்லை.

இயக்குநருக்கு அது பெரிதாகப் படவில்லை. "வெட்டுறதுதானே உன் வேலை? பொய் எழுதச் சொல்லலையே" என்றார். அவளுடைய நியமமே அவள் வாயை அடைத்தது.

டாக்டரம்மாவாவது மறுப்பார் என்று எதிர்பார்த்துப் பேசினாள். அவரோ, "வெட்டுங்க. தலையை வெட்டினாலும் சரி, நான் உள்ள போயிட்டாப் போதும். கண்ணால பார்த்துட்டேன்னா மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

கத்தரியக்கா உட்கார்ந்து எழுதினாள். 'தொழிலாளர் நலனில் நீண்ட அனுபவம் உள்ள மருத்துவர். ஓய்வு, உணவு, கவனம் குறித்து ஊழியர்களுடன் எளிய மொழியில் உரையாடுவதில் வல்லவர்.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் எழுதியதிலேயே வழுவழுப்பான பயோ அதுதான். எங்கே தொட்டாலும் கையில் எதுவும் தட்டுப்படாது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்ன, யாரை வெட்டிட்டு வந்தே?" என்று கணவன் கிண்டலாகக் கேட்டான். வழக்கமாக அவளும் சிரிப்பாள். அன்று எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தில் குழுவின் பயோக்களையே இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள், அது வழக்கம்தான். ஆனால் அதன் கீழே ஒரு புது வரி இருந்தது: ஒவ்வொருவரும் தம் பயோவில் கண்ட பணியை மட்டுமே செய்வார். அதைப் படித்ததும் கத்தரியக்கா இயக்குநர் அறைக்கு ஓடினாள். இயக்குநர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

முதல் நாள் அறிமுகக் கூட்டத்துக்கு அவளும் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் துடைக்கும் ஹால். வரிசை வரிசையாகப் பெண்கள், முகத்தில் துணிக் கவசம், கையில் ஈரத்துணி. கதவு திறந்து மூடியபோது பெட்ரோல் பங்க் வாசம் போல ஒன்று லேசாக வந்து போனது. ஹாலின் மூலையிலேயே மேனேஜரின் அறை. அதற்கும் அதே ஏசிதான்.

டாக்டரம்மா அந்தக் கதவை நோக்கி நடந்தார். பஞ்சுக் குரல் குறுக்கே வந்தது. "டாக்டர், உங்களுக்குக் கேன்டீன்லதான் ஏற்பாடு. உணவு, ஓய்வு பத்தின பேச்சு. உங்க பயோல அப்படித்தானே இருக்கு?"

டாக்டரம்மா திரும்பிக் கத்தரியக்காவைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே நுழைய இருவருமாகச் செய்த சாவி, பூட்டாகி நின்றது.

கேன்டீனில் பேச்சு தொடங்கும் முன் டாக்டரம்மா பெண்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்கள். ஒருத்தி சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், பக்கத்தில் இருந்தவளிடம் நெஞ்சைக் காட்டி நின்றாள். அவளும் அது தினப்படி வேலை போலப் போட்டுவிட்டாள். "விரல் நுனி மரத்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதும் பலர் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும், "அசதி மேடம். சரியாத் தூங்குறதில்ல" என்றாள். அவள் கண் மேனேஜர் இருந்த பக்கம் போய் வந்தது.

அந்த வாரமே தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. நாலாவது உறுப்பினர் தம் பணி எல்லையை மீறியதால் வேறொருவரை நியமிக்கவும்.

"சிரிப்புப் பயிற்சி கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார். சாயங்காலத்துக்குள்ள அவர் பயோவை ரெடி பண்ணிடு" என்றார் இயக்குநர்.

"மாட்டேன் சார்."

அவர் நிமிர்ந்தார். கத்தரியக்காவின் வாயில் அந்தச் சொல் அவருக்குப் புதிது. அவளுக்கே புதிது.

"அந்தப் பொண்ணுங்களுக்குப் பொத்தான் போட வரல சார். அவங்களைச் சிரிக்க வைக்கவா ஆள் அனுப்புறோம்? மாத்துற ஆளு சமத் தகுதியோட இருக்கணும்னு அதே ஒப்பந்தத்துல இருக்கு. அதைச் சொல்லி மறுப்பு எழுதலாம். கூடவே அந்தம்மாவோட பயோவை வெட்டாம முழுசா வச்சு, ஹாலைப் பார்க்க அனுமதி கேட்கலாம். இல்லேன்னா வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"வீட்டுக்குப் போய் நிதானமா யோசி" என்றார் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினாள்.

அப்போதுதான் வாசலில் மேனேஜர் வந்து நின்றார். முன்னறிவிப்பு இல்லை, கார் டிரைவர் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார் என்று அவர் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு சொன்னது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"சார், உங்க செருப்பு..." என்றாள்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போல. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறும் பாதத்தில் ஏதோ குத்தி ரத்தம் வந்திருந்தது, அதுவும் தெரியவில்லை.

நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். பஞ்சுக் குரல் இப்போது நைந்த நூலாக இருந்தது. "டாக்டர் வந்தா கேஸ் வரும்னு மேல சொன்னாங்க. அந்தத் திரவத்தை மாத்தினதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா. சீக்கிரம் காயுது, வேலை சீக்கிரம் முடியுதுன்னு பாராட்டு வாங்கினேன். எனக்குச் சர்க்கரையா இருக்கும்னு நினைச்சேன். டெஸ்ட் எடுத்தேன். சர்க்கரை இல்ல." வெறுங்காலை மறுபடி பார்த்தார். "நீங்க முதல்ல எழுதின அந்த வரியைத்தான் தினமும் நினைச்சுக்கிட்டிருக்கேன். அந்தம்மாவை வரச் சொல்லுங்க. ஹாலுக்குள்ள போக நான் எழுதித் தரேன். என் வேலை இருக்கிற வரைக்கும் அந்தக் கையெழுத்து செல்லும்."

இழுத்து இழுத்து அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கத்தரியக்கா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர் தன் அறைக் கதவருகே வந்து நின்றுவிட்டு உள்ளே திரும்பினார்.

மறுநாள் காலை டாக்டரம்மா ஹாலுக்குள் போனார். கருவி வைத்துக் காற்றை அளந்தார். பெண்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கால் விரலைத் தொட்டார். "தொட்டதும் சொல்லும்மா" என்றார். பலர் கடைசிவரை சொல்லவே இல்லை. மதியத்துக்குள் மேனேஜரின் உத்தரவில் அந்தத் திரவத்தின் பீப்பாய்கள் மூடப்பட்டன. ஹாலைக் காலி செய்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கை போனது. மேனேஜரின் வேலை அன்றோடு போயிற்று. ஒப்பந்தமும் போயிற்று.

கத்தரியக்கா கேன்டீனில் டாக்டரம்மாவின் அருகே உட்கார்ந்திருந்தாள். வெளியே பெண்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே நல்லாயிடும்ல?" என்றாள்.

டாக்டரம்மா படிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிறுத்தின உடனே நின்னுடாது. ஏற்கெனவே உடம்புல போன ஆவி இன்னும் ரெண்டு மூணு மாசம் உள்ள வேலை செய்யும். இப்ப நடக்கிறவங்கள்ல சிலர் நடக்க முடியாமப் போவாங்க. அப்புறம்தான் மெதுவாத் திரும்பும். எல்லாருக்கும் முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது."

"நான் அந்த வரியை வெட்டாம இருந்திருந்தா..."

"நம்மளைக் கூப்பிட்டே இருக்க மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு, "கூப்பிட்டிருக்கவும் கூடும். தெரியாது" என்றார்.

கீழே, கடைசிப் படியில், கேன்டீனில் பொத்தான் போட்டுவிட்டவள் நின்றாள். ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தாள். தரை வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுத்தாள்.