நனையக் கூடாத வானிலை நிலையம்

கல்லூரி மாடியில் ஒரு வானிலை நிலையம் வைக்க, இறுதியாண்டு மாணவி ஒருத்தி இரண்டு பக்கத்தில் திட்டம் எழுதி ஆய்வகத் தலைவரிடம் கொடுத்தாள். வெப்பமும் ஈரப்பதமும் அளக்க ஒரு சென்சார். அதன்மேல் வெயில் நேராகப் படாமல், ஆனால் காற்று புகுந்து வரும்படி, சுற்றிலும் அடுக்கடுக்காக வெள்ளைத் தட்டுகள். மழையை அளக்க, நிரம்பியதும் கவிழும் சின்ன வாளி. மொத்தச் செலவு தலைவரின் சுழல் நாற்காலி விலையில் பாதிகூட இல்லை.

தலைவர் தலைப்பைத் தாண்டவில்லை.

“குறைந்த விலைன்னு போட்டிருக்கியேம்மா. நம்ம ஆய்வகத்துக்கு அது அழகா? நம்மகிட்ட வெளிநாட்டு நிலையமே இருக்கே.”

இருந்தது. ஏசி அறையில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அது இருபத்துநான்கு டிகிரி என்றே சாதித்தது.

“அதை மாடியில வெச்சா என்ன சார்?”

“மழையில நனைஞ்சிடாதா?” அவர் உண்மையிலேயே பதறிப்போனார்.

தொண்டைவரை வந்த சிரிப்பை அவள் விழுங்கிக்கொண்டாள். தாளை வாங்கி, தலைப்பை அடித்துவிட்டு, ‘விலையுயர்ந்த நிலையத்தை மழையிலிருந்து காக்கும் முன்னெச்சரிக்கைக் கருவி’ என்று எழுதி நீட்டினாள்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்று தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் பெய்த முதல் மழையில் அவளுடைய வாளி கவிழ்ந்து கவிழ்ந்து கணக்கெடுத்தது. தகவல் வந்ததும் தலைவர் கீழே ஓடிப்போய், அலமாரிக்குத் தார்ப்பாய் போர்த்தினார்.