நாற்பது கண்ணாடிக்கு ஒரே அளவு

முதலாளியின் மச்சினன் கடைக்குள் வந்த தோரணையைப் பார்த்தால், அட்டைப்பெட்டியில் சூரியனையே பிடித்து அடைத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று தோன்றும்.

"நாப்பது கூலிங் கிளாஸ் அத்தான். அத்தனையும் அசல்."

முதலாளி பெட்டியைத் தூக்கிப் பழுது மேசையில் வைத்தார். அங்கே பன்னிரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருப்பவளுக்குக் கடையில் திருப்புளி என்றே பெயர். ஒவ்வொரு கண்ணாடியோடும் 'பரிசோதித்தது, அசல்' என்று ஓர் அட்டை போகும். அதில் அவள் கையெழுத்து இருக்கும். நாளைக்கு எவனாவது சட்டையைப் பிடித்தால் முதலாளி அந்த அட்டையைத்தான் நீட்டுவார்.

"மதியத்துக்குள்ள நாப்பது அட்டையிலயும் கையெழுத்துப் போட்டுடு. முடியாதுன்னா சொல்லிடு, அந்த ஸ்டூல்ல உக்கார ஆள் இருக்கு."

பழுதுக்கு வந்திருந்த அசல் ஒன்று அதே மாடலில் மேசையில் கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள்.

"லென்ஸ் ஓரத்தைப் பாரும்மா," என்றான் மச்சினன். "கம்பெனி எழுத்து செதுக்கியிருக்கு. சுரண்டு, வராது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சுரண்டினாள். வரவில்லைதான். மச்சினன் முகத்தில் பிள்ளை பெற்ற பெருமை.

"செதுக்குற மெஷின் இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு சார்," என்றாள். "என்ன செதுக்கியிருக்குன்னு பாருங்க. கடைசியில 'பி'. போலரைஸ்டுன்னு அர்த்தம். தண்ணியில, ரோட்டுல அடிக்கிற கூச்சத்தை வடிகட்டுற லென்ஸ்."

"அதான் அசல்ங்கிறேன்!"

அவள் அசல் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் முன்னால் அலமாரியிலிருந்த இன்னொரு போலரைஸ்டு லென்ஸை வைத்து மெல்லத் திருப்பினாள். குறுக்காக வந்ததும் இரண்டும் சேர்ந்து கறுத்துப்போயின. பிறகு மச்சினன் சரக்கை அதே இடத்தில் பிடித்துத் திருப்பினாள். ஒரு சுற்று முழுக்கச் சுற்றியும் ஜன்னல் அப்படியே தெரிந்தது.

"வெளிச்சம் பத்தல," என்றான் மச்சினன், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே.

அடுத்துக் காதுப்பட்டை மடங்கும் கீல். அசலில் கீலின் பற்கள் ஏழு, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவே திருகு. முன்பக்கம் தெரியும் உலோகப் பொட்டுகள் சட்டத்தைத் துளைத்துப் போய்க் கீலைப் பிடித்திருந்தன. பெட்டிச் சரக்கில் பல் மூன்று. திருகு இல்லை, தட்டி அடைத்த ஆணி. பழுப்புச் சட்டம் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தபோது பொட்டின் கால் எதுவும் சட்டத்துக்குள் ஊடுருவவில்லை. பொட்டு வெளியே பசையில் ஒட்டியிருந்தது, நெற்றியில் ஒட்டுகிற மாதிரி.

"டிசைன் மாத்திட்டாங்க போல," என்றான்.

"காதுப்பட்டையையுமா மாத்திட்டாங்க?" காதில் மாட்டும் பட்டையின் உட்புறத்தைக் காட்டினாள். மாடல் எண், நிற எண், அப்புறம் அளவு. லென்ஸ் அகலம் ஐம்பத்து நாலு மில்லிமீட்டர் என்று அச்சு. ஸ்கேல் வைத்தாள். ஐம்பத்தொன்று. அடுத்தது சின்னச் சட்டம், நாற்பத்தெட்டு. அதிலும் அச்சு ஐம்பத்து நாலு. லென்ஸில் இருந்த 'பி' பட்டையில் எங்கும் இல்லை. பெட்டியையே கவிழ்த்துப் பார்த்தாள். பெரிசு, சின்னது, கறுப்பு, பழுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாடல் எண், ஒரே நிற எண், ஒரே ஐம்பத்து நாலு. ஒரே அச்சுக்கட்டையால் நாற்பதுக்கும் குத்தியிருந்தார்கள்.

முதலாளி அசரவில்லை. "வாங்குறவன் ஸ்கேலோடயா வரப்போறான்? எழுத்து இருக்கு, பெட்டி இருக்கு. போடு கையெழுத்த."

"நீங்க போடுங்க முதலாளி. கடை உங்க பேர்லதானே இருக்கு?"

மச்சினன்தான் அத்தானைக் காப்பாற்றப் பாய்ந்தான்.

"இவளுக்கு என்ன தெரியும் அத்தான்! உங்க கல்யாண நாளுக்கு நான் குடுத்தேனே, நாலு வருஷமா மாட்டுறீங்களே, அதுவும் இதே ஆள்கிட்ட வாங்கினதுதான்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

முதலாளி தலைமேல் ஏற்றி வைத்திருந்ததைக் கழற்றினார். யாரிடமும் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுக்காத கண்ணாடி. தானே பட்டையைத் திருப்பிப் படித்தார். ஐம்பத்து நாலு. அவர் கேட்காமலே அவள் ஸ்கேலை நகர்த்தி வைத்தாள். அவர் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். லென்ஸ் அகலம் ஐம்பத்தொன்றுக்கு மேல் கூடவில்லை.

"எடுத்துட்டுப் போ," என்றார்.

"அத்தான், சரக்கு..."

"ஊரானுக்குப் போலி குடுத்தா அது வியாபாரம்டா. எனக்கேவா?"

மச்சினன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வந்தபோது இருந்த சூரியன் இப்போது கனத்தது போலிருந்தது. அவள் வெற்று அட்டைகளை அடுக்கி இழுப்பறையில் போட்டு, பழுதுக்கு வந்த அசலை மறுபடி கையில் எடுத்தாள்.

முதலாளி தன் கண்ணாடியை மேசையில் வைத்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

"இந்தக் காதுப்பட்டை ஆடுது. கொஞ்சம் முடுக்கிக் குடேன்."

அவள் கீலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல முடுக்குறதுக்குத் திருகே இல்ல முதலாளி."