இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் வித்தியாசம்

மனிதன் தயாரித்த தாள்களிலேயே பொய் சொல்லத் தெரியாத தாள் ஃபார்ம் சிக்ஸ்டீன் ஒன்றுதான் என்று மனிதவள மேலாளர் வரதராஜுலு மைக்கில் அறிவித்தார். கேன்டீனில் நின்ற நானூறு பேரும் கைதட்டினார்கள். கேசரி அதற்குப் பிறகுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவருடைய சொந்தப் படிவத்தில் இரண்டாம் பக்கம் தலைகீழாகக் குத்தப்பட்டிருந்ததை, சம்பளப் பிரிவு சுவாதி ஓரமாக நின்று பிரித்துத் திருப்பிக் குத்திக்கொண்டிருந்தாள்.

அது 2014 ஜூன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி. போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தோம், அதில் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் தாள் அது. வாங்கியவர்கள் அறைக்குப் போய், பன்னிரண்டு மாதச் சம்பளச் சிலிப்பையும் பரப்பி, கூட்டிப் பார்த்து, ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஒத்துப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன் மணிகண்டபிரபு ஒருவன்தான்.

கோவில்பட்டிக்காரன், இருபத்தாறு வயது, தரப் பரிசோதகன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் பாகத்தைச் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போடுகிற கை. அந்தக் கை சம்பள ஜன்னலுக்குப் போனால் கையெழுத்தையே கட்டத்துக்கு வெளியே போடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவாதி. பதினைந்து மாதத்தில் அவள் அவனிடம் பேசியது மொத்தம் ஆறு சொல். நாலு சொல் அவனுடைய டோக்கன் எண்; மீதி இரண்டு, ‘கையெழுத்துப் போடுங்க.’

ஃபார்ம் சிக்ஸ்டீனில் சந்தேகம் என்றால் மட்டும் கதை வேறு. செவ்வாய், வியாழன், மூன்றிலிருந்து நான்கு மணி வரை, சிலிப்புகளை வரிசையாகக் குத்தி எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே போகலாம். உட்கார நாற்காலி உண்டு.

வடக்குப்பட்டு வாடகை அறையில் கூடத் தங்கியிருந்த சுடலை படிக்க, மணிகண்டபிரபு செல்போனில் கூட்டினான். பிடித்த வரி ஒத்துப்போனது. பி.எஃப். ஒத்துப்போனது. மணிகண்டபிரபுவின் முகம் தொங்கிப்போயிற்று. கடைசியாக மொத்தச் சம்பளம். படிவத்தில் இரண்டு லட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூறு. சிலிப்புகளின் கூட்டல் இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூறு.

“பதினாலாயிரத்து முந்நூறு இடிக்குதுல!” என்று துள்ளி எழுந்தான்.

“எலேய், வாங்காத சம்பளத்த வாங்கினதாப் போட்டிருக்கான். அதுக்கும் சேத்து வரி போவும். நீ என்னல லாட்டரி விழுந்த மாதிரி குதிக்க?” என்றான் சுடலை.

“சும்மா கெட. செவ்வாய்க்கெழம எனக்கு அந்த நீலச் சட்டய அயர்ன் பண்ணணும்.”

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போனான். உட்கார்ந்தான். சுவாதி அவன் எழுதி வந்த கூட்டலை ஒருமுறை பார்த்தாள்.

“தீபாவளி போனஸ் வாங்கினீங்களா?”

“வாங்கினேன்.”

“அது எதுல இருந்திச்சு? மாச சிலிப்புலயா?”

“இல்ல, தனியா ஒரு மஞ்சள் சிலிப்பு.”

“அது எங்க?”

பழநி பஞ்சாமிர்தத்தை அதில்தான் வைத்துத் தின்றான். அதைச் சொல்லவில்லை.

“பன்னெண்டாயிரம். அதுவும் சம்பளந்தான், ஃபார்ம்ல வந்துடும். எல்லாரும் இதைத்தான் வுட்டுடறீங்க.” சிரித்தாள். “மீதி ரெண்டாயிரத்து முந்நூறு கீது. டைம் ஆயிடுச்சு, வியாழக்கிழமை வாங்க. சிலிப்பை மறக்காம எடுத்தாங்க.”

அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போனவன், கப்பலில் போவதாகத்தான் நினைத்துக்கொண்டான்.

அறைக்குப் போய் மறுபடியும் பார்த்தான். ஜூலை சிலிப்பில் மொத்தம் 22,450. பி.எஃப். 1,200, வரி 260, கேன்டீன் 240, பஸ் 600 போகக் கையில் வந்தது 20,150. அந்தக் கடைசி எண்தான் தடித்த எழுத்தில் இருக்கும். மற்ற பதினொரு மாதத்துக்கும் மொத்தத்தைக் கூட்டியவன், ஜூலைக்கு மட்டும் கையில் வந்ததைக் கூட்டியிருக்கிறான். வித்தியாசம் சரியாக இரண்டாயிரத்து முந்நூறு.

சிலிப்புகளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, “தெரியல மாப்ள, பெரிய சிக்கலா இருக்கும்போல” என்று சுடலையிடம் சொன்னான்.

வியாழக்கிழமை அவள் கேட்டதும், “சிலிப்ப மறந்துட்டேன்” என்றான்.

“அய்ய, அதைத்தானே சொன்னேன்!” என்றாலும் அவள் போகச் சொல்லவில்லை. அவளுக்கு வந்த டீயில் பாதியைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாய் ஞாபகம் வந்தது அவளுக்கு. எல்லாருக்கும் அதுதான் வரும். அவனுக்கு ஊர்மேல் முதல்முறையாகப் பெருமையாக இருந்தது. அவளுக்குக் காஞ்சிபுரம் பக்கம். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ், ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிவிடுவாள். இதெல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டிய செய்திகள் என்று பட்டது அவனுக்கு.

“உங்க சந்தேகம் ஒண்ணுதாங்க முடியாம கீது” என்று ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். “சனிக்கிழமை சார் பாப்பாரு. ஒண்ணு பாக்கி நின்னாலும் சம்பளப் பிரிவு தப்புன்னு எம்பேருக்கு நேரா எழுதிடுவாரு.”

“எழுதினா என்ன?”

“ஒண்ணாந்தேதியில இருந்து எனக்கு மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் போஸ்டிங். ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன். இது நின்னா எங்க செக்ஷன் மோகன்ராஜுக்குப் போயிடும், நான் இங்கயேதான்.” கண்ணாடியைப் பார்த்தாள். “அங்க இந்த ஜன்னல் கிடையாதாம். ஆளுங்களோட மூஞ்சிய முழுசாப் பாக்கலாம்.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. அவன் வாய் திறக்காமல் இருந்தால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். அடுத்த வருஷமும் ஃபார்ம் சிக்ஸ்டீன் வரும். டீ ஆறிப்போயிருந்தது. கப்பின் விளிம்பை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தான். மூன்று ஐம்பத்தைந்துக்கு நீலச் சட்டைப் பையில் கைவிட்டு, மறந்துவிட்டதாகச் சொன்ன பன்னிரண்டு சிலிப்பையும் எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ஜூலையப் பாருங்க. கையில வந்ததக் கூட்டிட்டேன்.”

அவள் சிலிப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அயர்ன் மடிப்பு கலையாத சட்டையைப் பார்த்தாள்.

“எப்ப தெரியும்?”

“செவ்வாய்க்கெழம ராத்திரி.”

ரிஜிஸ்டரில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள். சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தான், இரண்டு நாளாக. அவள் பேனாவை நீட்டி, “கையெழுத்துப் போடுங்க, மணிகண்டபிரபு” என்றாள். பெயரைக் கேட்டதில் அந்த வாக்கியம் மறந்துபோயிற்று.

சனிக்கிழமை வரதராஜுலு ரிஜிஸ்டரைப் படித்தார். ‘காரணம்: ஊழியரின் கூட்டல் பிழை’ என்றிருந்தது. கம்பெனியில் எந்தப் பிழைக்கும் அது மறுபடி நிகழாமல் தடுக்கும் நடவடிக்கை ஒன்று எழுதியாக வேண்டும்; பாகமானாலும் சரி, ஆளானாலும் சரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரே கைப்பட எழுதினார்.

சுவாதி ஒன்றாம் தேதி ஹெட் ஆபீஸில் சேர்ந்தாள். மூன்றாம் தேதி, கேன்டீனை ஒட்டிய பயிற்சி அறையில், தரப் பரிசோதகன் மணிகண்டபிரபுவுக்கு இரண்டு மணி நேரம் கூட்டல் சொல்லிக்கொடுக்கப்பட்டது.