கதவைச் சாத்தாதவள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவை ஒழுங்காகச் சாத்தாதவள் நான்தான் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. தயிர் புளித்தால் நான். கறிவேப்பிலை கறுத்தால் நான். ஃப்ரீசரில் பனி மலை போல ஏறினால் அதுவும் நான். சத்தமாகச் சொன்னால்கூடத் திருப்பிக் கொடுக்கலாம், மதுரைக்காரிக்கு அது பெரிய காரியமா? என் மாமியார் கல்பகத்துக்குச் சத்தம் போடத் தெரியாது. "அவசரத்துல போறாளோன்னோ, சரியாச் சாத்தியிருக்க மாட்டா" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவார். அடுப்போடு யார் சண்டை போடுவது?

வெளிர்பச்சை நிற ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ். என் கணவன் கிருஷ்ணா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியதாம். மாமனார் அனந்தராமன் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, மௌலா அலியில் இந்த வீட்டைக் கட்டினார். ஃபிரிட்ஜும் கூடவே வந்தது. நானும் கிருஷ்ணாவும் காதல் கல்யாணம். அவர்கள் பிராமணர்கள், நாங்கள் இல்லை. கல்யாணத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

கிருஷ்ணா ஆன்சைட் வேலையாக வெளிநாடு போய்விட்டான். ஐந்து மாதக் கைக்குழந்தை ஸ்ரேயாவை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் ஹைடெக் சிட்டிக்குப் போகிறேன். காலையும் ராத்திரியும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பம்பை வைத்துப் பாலை எடுத்து, இரண்டு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பேன். மதியம் மாமியார் அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஒரு மாதமாக அந்த ஏற்பாடு நாறிப்போய்விட்டது. மதியம் அலுவலகத்துக்கு ஃபோன் வரும். "சுபா, இன்னிக்கும் கெட்டுப் போயிடுத்து. கொட்டிட்டேன்." அவ்வளவுதான். பவுடர் பால் கொடுத்தால் குழந்தை வாந்தி எடுக்கிறாள். பசுவின் பாலைக் காய்ச்சிக் காய்ச்சி வைப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை, என் பால் மட்டும் கெட்டுப்போகிறது. என்ன நினைக்கத் தோன்றும்? என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அலுவலகக் கழிப்பறையில் நின்றுகொண்டு, நனைந்த சுடிதாரைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, வாஷ்பேசினில் பாலைப் பிழிந்து ஊற்றுவேன். பக்கத்துக் கதவில் யாராவது செருமினால் உடம்பு கூசும். அப்படி ஒரு அவமானம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

இனி முடியாது, வேலையை விட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். திங்கட்கிழமை முடிவு சொல்வதாக மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தேன். நாலு வருஷம் கஷ்டப்பட்டுப் பிடித்த இடம். போகட்டும், தலையா போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தலைதான் போவது போல இருந்தது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனாருக்கு என்ன தோன்றியதோ, டார்ச்சை எரியவிட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். கதவைத் தானே அழுத்திச் சாத்தினார். சமையலறை விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கைப்பிடி பக்கம் மேல் மூலையிலிருந்து பாதிக் கதவு வரைக்கும் வெளிச்சம் கோடாக ஒழுகியது.

"ஹவ், ஆமாம்! ரப்பர் போயாச்சு" என்றார். இந்த ஊர் உருதுப் பேச்சு அவருக்கு நாக்கில் ஊறிப்போனது. "சுருங்கிடுத்து. அதான் உள்ள காத்து போறது. மோட்டார் நிக்காம ஓடறதேன்னு அப்பவே நெனச்சேன்."

"அப்ப நான் சாத்தினது சாத்தினதுதானே மாமா?" என்றேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். மாமியார் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார். அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

மறுநாள் மாமனார் ராணிகஞ்சுக்குப் போய் அளவு சொல்லிப் புது ரப்பர் வாங்கி வந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். "நக்கோ, வேண்டாம். ஆணி கிடையாது, திருகு கிடையாது. காடிப் பள்ளத்துலேர்ந்து இழுத்தா வந்துடும்" என்றார். அவருக்கு முட்டிவலி, கீழே உட்கார முடியாது. நாற்காலி போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார். உட்கார்ந்து இழுத்தது நான். பால் பாட்டில்களை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கியாயிற்று.

கதவின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு காடி ஓடுகிறது. ரப்பரின் முதுகில் நாக்கு மாதிரி ஒரு விளிம்பு. அந்த நாக்கு காடிக்குள் போய்க் கவ்விக்கொண்டிருக்கும். கீல் பக்கம் மூலையில் விரலை விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது, இடியாப்பம் மாதிரி மெத்தென்று இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். மேல் பக்கம் திரும்பியதும் 'பட்'டென்று ஒடிந்தது. கையில் ஒரு சாண் நீளத் துண்டு, உள்ளே இருந்த காந்தப் பட்டை வெளியே தொங்கியது. நாக்கு காடிக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், இன்னொரு 'பட்'. கைப்பிடி பக்கமும் கீழ்ப்பக்கமும் எலும்பு போல இறுகிக் கிடந்தன.

"ஸ்க்ரூடிரைவரை வெச்சு நோண்டாதே, பிளாஸ்டிக் கிழிஞ்சுடும்" என்றார் மாமனார். "கல்பகம், வெந்நீர்ல துணியை முக்கிப் போடு. சூட்டுல இளகும். அப்புறம் ஐஸ்கிரீம் குச்சியால நெம்பட்டும்."

மாமியார் துணியை நனைத்துப் பிழிந்து, கைப்பிடி பக்கக் காடியின் மேல் வைத்து அழுத்தினார். ஆவி கிளம்பியது. ஆவியோடு ஒரு வாடையும் கிளம்பியது.

மண்ணெண்ணெய்.

நான் குனிந்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. ஃபிரிட்ஜில் எங்கிருந்து மண்ணெண்ணெய்?

மாமனாரும் மூக்கைச் சுருக்கினார். ஒடிந்த துண்டை ஒரு கையிலும் கீல் பக்கத்துத் துண்டை இன்னொரு கையிலும் வாங்கி வளைத்துப் பார்த்தார். "கல்பகம், இதை மண்ணெண்ணெய் போட்டா தொடைச்சே? ஏற்கெனவே கிழட்டு ரப்பர். அதுல இருக்கற மெதுவெல்லாம் அது உறிஞ்சிடும். கட்டையாப் போய்ச் சுருங்கிடும். கீல் பக்கம் மட்டும் துணி போயிருக்காது, அதான் நன்னாயிருக்கு."

மாமியார் தலை நிமிரவில்லை. "தெனம் ஒரு தரம்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"சுபா பால் எடுத்து வைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

தினமும் நான் வீடு திரும்பும்போது சமையலறையில் சாம்பிராணி மணக்கும். ஏன் என்று கேட்டதில்லை. இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"என் பால் வெச்ச இடத்துக்குத் தீட்டுக் கழிச்சீங்களா அத்தை?" என்று கத்தினேன். "பெத்த புள்ளைக்கு வெச்ச பாலு! அது உங்களுக்கு அசிங்கமா? மண்ணெண்ணெய் ஊத்தி, சாம்பிராணி போட்டு... அதைச் செஞ்சு கதவையும் கெடுத்துட்டு, சாத்தலை சாத்தலைன்னு என் தலையில கட்டுனீங்க! நான் வேலையவே விடப் போறேன், தெரியுமா?"

"சுபா..." என்றார் மாமனார். நான் கேட்கவில்லை. கோபத்தில் குச்சியைக் காடிக்குள் விட்டு ஒரே நெம்பு நெம்பினேன். இளகியிருந்த நாக்குத் துண்டு தெறித்து வந்தது. கூடவே பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள் தரையில் உதிர்ந்தன. கரப்பான்பூச்சி முட்டைக் கூடுகள். செத்துக் காய்ந்த குஞ்சுகளும் உதிர்ந்தன.

மாமியார் சட்டென்று தலைப்பை விரித்து அவற்றின் மேல் போட்டு மூடினார். அந்த மடிசார் பட்டுக்கரை தரையில் கிடந்தது. காய்கறி நறுக்கும் பலகையைக்கூட மூன்று தரம் அலம்புகிறவர் அவர்.

"ஒரு நாள் உன் பாட்டில் மேலயே ஒண்ணு ஏறித்து" என்றார். "ரப்பர் மடிப்பைப் பிரிச்சா உள்ள குஞ்சும் குளுவானுமா. கொழந்தை வாயில போற பாலாச்சே. எனக்குத் தெரிஞ்சது மண்ணெண்ணெய்தான். வாடை தெரியக்கூடாதுன்னு சாம்பிராணி போட்டேன். என் சமையலறையில கரப்புன்னு உன்கிட்ட எப்படிடீ சொல்லுவேன்? வந்த பொண்ணு என்ன நெனப்பா?" தலைப்பை இன்னும் அழுத்திப் பிடித்தார். "கதவை நீ சாத்தலைன்னு நெஜமாவே நெனச்சேன். தப்புதான்."

இத்தனை நாள் நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்கோ அதை வாங்கிக்கொள்ள முகமில்லை. மாமனார் எதிரில் 'தீட்டு' என்று நான் கத்தியது அந்தச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் தலைப்புக்கு அடியிலிருந்து கூடுகளைக் காகிதத்தில் வாரி எடுத்தேன். இருவரும் மிச்ச நாக்கை நெம்பி, காடியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்தோம். பழைய ரப்பர்த் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் புதியதைவிட நாலு விரற்கடை குறைவு. மடிந்து வந்திருந்த புது ரப்பரை வெதுவெதுப்பான நீரில் போட்டு நெளிவெடுத்தோம். முதலில் நாலு மூலை, பிறகு நடு, பிறகு இடைவெளியெல்லாம். அவர் கட்டைவிரல் அந்தப் பக்கத்திலிருந்தும் என் கட்டைவிரல் இந்தப் பக்கத்திலிருந்தும் அழுத்திக்கொண்டே வந்து நடுவில் இடித்துக்கொண்டன. இருவரும் கையை எடுத்துக்கொண்டோம். கதவிடுக்கில் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார் மாமனார். சுற்றிலும் கவ்விப் பிடித்தது. மோட்டார் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் என் இருக்கைக்கே வந்து கேட்டார். மதியம் சொல்கிறேன் என்றேன். ஒரு மணிக்கு ஃபோன் வந்தது. காரிடாருக்கு ஓடினேன்.

"ரெண்டு பாட்டிலும் குடிச்சுட்டா" என்றார் மாமியார். "தூங்கறா."

"பால் கெடலையே அத்தை?"

"இல்லடீ. தித்திப்பா இருந்தது."

"தித்திப்பாவா? நீங்க... குடிச்சா பாத்தீங்க?"

"பின்ன? வெறும் மோந்து பாத்தா என்ன தெரியும்? தெனம் ரெண்டு சொட்டு நாக்குல விட்டுப் பாத்துட்டுத்தான் கொழந்தைக்குக் குடுப்பேன். புளிச்சுப் போச்சுன்னு பின்ன எப்படிச் சொன்னேனாம்?"

அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்காதவர். என் பாலை, தினமும். நான் தீட்டு என்று கத்தியபோதுகூட அவர் இதைச் சொல்லவில்லை.

"கேக்கறதா சுபா? வேலையெல்லாம் விட வேண்டாம். கேக்கறதா?"

கேட்டது. வேலையை விடவில்லை என்று சொல்ல மேனேஜரைத் தேடிப் போனேன்.